ஈசாப் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

அக்கா மகள் இரண்டு ஆஃபர் லெட்டர்களோடு வந்து உட்கார்ந்தாள். ஒன்று சென்னையில் பல காலமாக நடக்கும் ஐ.டி. நிறுவனம், ஆண்டுக்கு 18 லட்சம். மற்றது மூன்று வயது ஸ்டார்ட்அப். 12 லட்சமும் 10,000 ஈசாப்பும். "அதோட மதிப்பே 40 லட்சமாம் சித்தி" என்றாள்.

முதலில், விட்டுக்கொடுக்கும் பணத்தை எழுதச் சொன்னேன். ஆண்டுக்கு 6 லட்சம். ஈசாப் முழுதும் கைக்கு வர நான்கு ஆண்டு. ஆக 24 லட்சம். அந்தப் பங்குகளை அவள் வாங்கும் விலை அதுதான். முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒரு பங்குகூடக் கிடையாது.

அடுத்து, 10,000 என்ற எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஈசாப்பையும் சேர்த்து நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை என்று மின்னஞ்சலில் கேளுங்கள். இதைச் சொல்ல மறுக்கும் நிறுவனத்துக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். அவளுக்குப் பதில் வந்தது: 20 லட்சம் பங்குகள். அவள் பங்கு அரை சதவீதம். கடைசி முதலீட்டில் பங்கு 400 ரூபாய், நிறுவனத்தின் மதிப்பு 80 கோடி. 40 லட்சம் வந்த வழி இதுதான்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்களா? இங்கே அவர்கள் 30 கோடி போட்டு 40 சதவீதம் வைத்திருந்தார்கள். அந்த உரிமையும் இருந்தது. நிறுவனம் 42 கோடிக்கு விலைபோனால் 30 கோடி அவர்களுக்குப் போய்விடும். மீதி 12 கோடியை மற்ற 12 லட்சம் பங்குகளுக்குப் பிரித்தால் பங்குக்கு 100 ரூபாய். நிறுவனத்தின் விலை ஏறக்குறைய பாதியானால் இவள் பணம் கால்வாசியாகிறது: 10 லட்சம். பங்குக்கு 10 ரூபாய் கட்டித்தான் வாங்க வேண்டும் என்பதால் அதிலும் ஒரு லட்சம் கழியும்.

கடைசியாக, வேலையை விட்டால் என்ன ஆகும்? பல கடிதங்களில் பங்குகளை வாங்க 90 நாள் கெடு இருக்கும். இரண்டு ஆண்டில் விலகினால் 5,000 பங்குகளை அவள் 50,000 ரூபாய் கொடுத்து வாங்கலாம். பங்கின் அன்றைய மதிப்பு 300 ரூபாய் என்றால் வித்தியாசத் தொகையான 14.5 லட்சம் சம்பள வருமானமாகக் கணக்கிடப்படும். வரி மட்டும் மூன்று லட்சத்தைத் தாண்டும். பங்கை விற்கச் சந்தை இல்லாமலே அந்த வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அரசுச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் வரியைத் தள்ளிப்போடலாம். ஆனால் வேலையை விட்டதும் அந்தச் சலுகை முடிந்துவிடும்.

2021இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானபோது இங்குள்ள ஊழியர்கள் பலர் கோடீஸ்வரர் ஆனது உண்மை. ஆனால் பங்கை விற்க அவர்களுக்குச் சந்தை திறந்தது.

அவள் ஸ்டார்ட்அப்புக்கே மறுபடி எழுதினாள்: 15 லட்சம், 6,000 ஈசாப், 90 நாளுக்குப் பதில் ஐந்து ஆண்டு கெடு. சம்பளத்துக்கு உடனே ஒத்துக்கொண்டார்கள். கெடுவைத் திருத்திய கடிதம் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.