படத்திற்கும் கணக்குண்டு

கேள்வி: ஜி.பி.டி-4ஓ-விடம் பழைய பத்திரத்தின் புகைப்படங்களை மட்டுமே அனுப்புகிறேன். எழுத்தே தட்டாதபோது உரையாடலின் இடம் எப்படிச் செலவாகும்?

பதில்: நாம் தட்டும் வாக்கியங்களை டோக்கன் என்னும் சிறு துண்டுகளாக்கி எண்ணுகிற அந்த இயந்திரம், படத்தையும் அவ்வாறே துண்டாக்கி, 1,28,000 டோக்கன் கொள்ளும் அதே பாத்திரத்தில்தான் இடுகிறது. 3000-க்கு 4000 பிக்ஸல் கொண்ட தங்கள் கைபேசிப் படத்தை எடுத்துக்கொள்வோம். அது முதலில் 1536-க்கு 2048 ஆகவும், பிறகு குறுகிய பக்கம் 768 ஆகும்படி 768-க்கு 1024 ஆகவும் சுருக்கப்படுகிறது. அதன்மேல் 512 பிக்ஸல் சதுரங்களைப் பரப்பினால் நான்கு வேண்டியிருக்கும். சதுரத்துக்கு 170 வீதம் 680, அடிப்படைக் கட்டணம் 85, ஆக 765 டோக்கன். பக்கம் வெறுமையாயிருந்தாலும் இதே தொகைதான். எழுத்தின் நெருக்கத்தை இக்கணக்கு பார்ப்பதில்லை (இதில் ஒருவித சமத்துவம் உண்டென்றே சொல்லவேண்டும்).

அனுப்பிய படம் அத்துடன் தீர்ந்துவிடுவதுமில்லை. ஒவ்வொரு புதுக் கேள்வியின்போதும் முந்தைய உரையாடல் முழுவதும் மறுபடி வாசிக்கப்படுவதால், இருபது பக்கங்களை அனுப்பியவருக்கு 15,300 டோக்கன் நிரந்தரமாக அடைபட்டுக் கிடக்கும்.

இடத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது அந்தச் சுருக்கந்தான். அகலம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடுவதால், பத்திரத்தின் பொடியெழுத்து மங்கி, சர்வே எண்ணின் 3 சற்றும் தயக்கமின்றி 8 ஆக வாசிக்கப்படலாம். ஆகவே முழுப் பக்கத்துக்குப் பதில் சந்தேகமான வரிகளை மட்டும் வெட்டி அனுப்பி, வந்த எண்ணை மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.