சூழல் சாளரமும் தமிழ்ப் பக்கமும்: டோக்கன் அளவைப் பக்க அளவாக மாற்றும் முறை

ஆய்வுச்சுருக்கம்

பெருமொழி மாதிரிகள் ஒரே வேளையில் ஏற்கக்கூடிய உரையின் அளவு ‘சூழல் சாளரம்’ எனப்படுகிறது. இது டோக்கன் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 1,28,000 டோக்கன் என்பது ஏறத்தாழ முந்நூறு பக்கம் என்று பரவலாக வழங்கும் கணக்கு ஆங்கில உரையை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உரைக்கு அக்கணக்கு ஏன் பொருந்தவில்லை என்பதையும், தமிழ் நூலொன்றின் பக்கங்கள் குறிப்பிட்ட சாளரத்தில் எத்தனை அடங்கும் என்பதை மாதிரிப் பக்கங்களின் வழி மதிப்பிடும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சூழல் சாளரம், டோக்கன், ஒருங்குறி, உயிர்மெய், பக்க மதிப்பீடு.

முன்னுரை

தமிழ் ஆய்வாளர்கள் முழு நூலொன்றை மொழி மாதிரிக்கு உள்ளீடாகத் தந்து, அதில் ஒரு சொல்லாட்சியோ கருத்தோ இடம்பெறும் இடங்களைத் தேடும் வழக்கம் உருவாகி வருகிறது. இத்தகைய தேடலில், ‘இந்நூலில் இச்சொல் வரவில்லை’ என்னும் எதிர்மறை முடிவே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. நூல் முழுவதும் சாளரத்திற்குள் அடங்கியிருந்தால் அம்முடிவைச் சரிபார்க்கத்தக்க ஒரு கூற்றாகக் கொள்ளலாம். இறுதி நூறு பக்கங்கள் உள்ளே செல்லவே இல்லை எனில் அது ஆய்வுமுடிவாகாது. எனவே நூலை உள்ளிடுவதற்கு முன்பே அதன் அளவை மதிப்பிட்டாக வேண்டும்.

முந்நூறு பக்கக் கணக்கின் அடிப்படை

2023 நவம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4 டர்போ மாதிரியை அறிமுகம் செய்தபோது, அதன் 1,28,000 டோக்கன் சாளரத்தில் முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட உரை அடங்கும் என அறிவித்தது. 1,28,000ஐ 300ஆல் வகுத்தால் பக்கத்திற்கு ஏறத்தாழ 427 டோக்கன் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு டோக்கன் சராசரியாக முக்கால் சொல்லுக்குச் சமம் என்பது வழக்கமான மதிப்பீடு. அதன்படி 427 டோக்கன் ஏறத்தாழ 320 சொற்களாகும். அச்சிட்ட ஆங்கில நூலின் ஒரு பக்கத்திற்கு இது இயல்பான அளவே.

ஆகவே இக்கணக்கு இரண்டு எடுகோள்களின்மேல் நிற்கிறது. ஒன்று, பக்கத்திற்கு 320 சொல் என்பது. மற்றொன்று, சொல்லுக்கு ஏறத்தாழ 1.33 டோக்கன் என்பது. முதலாவது நூலின் அச்சமைப்பைச் சார்ந்தது. இரண்டாவது மொழியையும், உரையைத் துண்டாக்கும் நிரலாகிய டோக்கனாக்கியையும் சார்ந்தது. தமிழில் இவ்விரண்டும் மாறுகின்றன. பெரிதும் மாறுவது இரண்டாவதே.

எழுத்தும் குறியெண்ணும் பைட்டும்

தமிழ் இலக்கணம் எழுத்து என்று கொள்வதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் இச்சொல் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியெண்களாக அமைகிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் இடம் பெறுவதால் அச்சொல் 15 பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து பைட்டே போதும்.

ஜிபிடி வரிசை மாதிரிகளின் டோக்கனாக்கிகள் பைட்டுகளிலிருந்து தொடங்குகின்றன. பயிற்சி உரையில் அடிக்கடி அருகருகே வந்த பைட்டுகள் படிப்படியாக இணைக்கப்பட்டு டோக்கன்களாகின்றன. ஒரு மொழியின் உரை பயிற்சியில் குறைவாக இருந்தால் அதன் சொற்களுக்கு இணைப்புகள் குறைவாகவே உருவாகும். ஒரு சொல் பல துண்டுகளாகச் சிதறும். இம்முறையில் டோக்கன்களின் எண்ணிக்கை பைட்டுகளின் எண்ணிக்கையை விஞ்ச முடியாது. ஆதலால் தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு மூன்று டோக்கன் என்பதே உச்ச வரம்பு.

ஜிபிடி-4 டர்போ பயன்படுத்திய cl100k_base டோக்கனாக்கியில் தமிழுக்கு மற்றொரு இடரும் இருந்தது. இணைப்புக்கு முன்னரே உரையைச் சொற்களாக வெட்டும் அதன் விதி, எழுத்து வகைக் குறியெண்களை மட்டுமே ஒரு தொடராகக் கொண்டது. ஒருங்குறி வகைப்பாட்டில் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் சேராமல் சார்குறி வகையில் சேர்கின்றன. எனவே ‘தமிழ்’ மூன்று இடமாக வெட்டுண்டது: தகரமும் மகரமும் முதற்பகுதி, மகரத்தின் இகரக் குறி தன் மெய்யை விட்டு நீங்கி ழகரத்தோடு சேர்ந்து இரண்டாம் பகுதி, புள்ளி தனித்து மூன்றாம் பகுதி. வெட்டிய எல்லையைக் கடந்து இணைப்பு நிகழாது என்பதால், பயிற்சியில் எவ்வளவு தமிழ் இருந்திருப்பினும் இச்சொல் மூன்று டோக்கனுக்குக் கீழே வந்திருக்க முடியாது. உயிர்மெய்யை ஓர் அலகாகக் காணாத விதியின் விளைவு இது.

2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியுடன் வெளியான o200k_base டோக்கனாக்கியின் வெட்டு விதி சார்குறிகளையும் சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. அதன் டோக்கன் தொகுதியும் ஏறத்தாழ இருமடங்காகியுள்ளது. அவ்வெளியீட்டின்போது ஒரே வாழ்த்துரை பல மொழிகளில் ஒப்பிடப்பட்டது. தமிழில் அது 116 டோக்கனிலிருந்து 35ஆகக் குறைந்தது; ஆங்கிலத்தில் 27லிருந்து 24ஆகக் குறைந்தது. அதாவது, ஒரே பொருளைச் சொல்ல ஆங்கிலத்தைப்போல் ஏறத்தாழ 4.3 மடங்கு டோக்கன் வேண்டியிருந்த தமிழுக்கு இப்போது ஏறத்தாழ 1.5 மடங்கு வேண்டியிருக்கிறது.

இவ்விகிதத்தை முந்நூறு பக்கக் கணக்கில் இட்டால், 300 ஆங்கிலப் பக்கங்களை ஏற்ற சாளரம் பழைய டோக்கனாக்கியில் ஏறத்தாழ 70 பக்கப் பொருளையே தமிழில் ஏற்றிருக்கும். எனினும் இது ஒரே வாழ்த்துரையிலிருந்து பெற்ற விகிதம். அன்றாடச் சொற்களாலான குறுந்தொடர்கள், நீண்ட தொகைச் சொற்கள் நிறைந்த ஆய்வுரைநடைக்குப் பிரதிநிதியாக மாட்டா. ஆகவே இதை இடரின் பருமனை உணர்த்தும் குறிப்பாக மட்டும் கொள்ள வேண்டும். நூல் மதிப்பீட்டிற்கு அந்நூலின் பக்கங்களையே அளத்தல் வேண்டும்.

சொல்லெண்ணிக்கை ஏன் போதாது

ஆங்கிலத்தில் சொல்லெண்ணிக்கையிலிருந்து டோக்கனைக் கணிப்பது எளிது. தமிழில் சொல்லின் எல்லையே எழுதுவோரைப் பொறுத்து மாறுகிறது. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று சேர்த்தெழுதினால் ஒரு சொல். ‘வந்து கொண்டிருந்தார்கள்’ என்று பிரித்தெழுதினால் இரண்டு. சேர்த்தெழுதிய வடிவில் எழுத்துகள் 12, குறியெண்கள் 22, பைட்டுகள் 66. ‘நான்’ என்பதும் சொல்லெண்ணிக்கையில் ஒன்றே. அதன் குறியெண்கள் நான்குதாம். சந்தி பிரிக்காத பதிப்பையும் பிரித்த பதிப்பையும் சொல்லெண்ணிக்கையால் ஒப்பிட்டால் ஒரே உரை வெவ்வேறு அளவு காட்டும். குறியெண் எண்ணிக்கையோ இவ்வேறுபாட்டால் சிறிதளவே மாறும். எனவே தமிழில் ‘குறியெண்ணுக்கு எத்தனை டோக்கன்’ என்னும் விகிதமே நிலையான அளவுகோலாகும்.

மதிப்பிடும் முறை: ஓர் எடுத்துக்காட்டு

240 பக்க ஆய்வுநூல் ஒன்றை 1,28,000 டோக்கன் சாளரத்தில் இட வேண்டியுள்ளது என்று கொள்வோம். முதலில் நூலின் தொடக்கம், இடை, இறுதி ஆகிய பகுதிகளிலிருந்து பத்துப் பக்கங்களைத் தெரிவு செய்ய வேண்டும். உரைநடைப் பக்கம் மட்டுமன்றிச் செய்யுள் மேற்கோள் மிகுந்த பக்கமும் அட்டவணைப் பக்கமும் அவற்றுள் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோப்பாக்கிக் கீழ்க்காணும் நிரலை இயக்கினால் குறியெண்களும் டோக்கன்களும் கிடைக்கும்.

```python
import tiktoken, unicodedata
enc = tiktoken.get_encoding("o200k_base")
s = open("page.txt", encoding="utf-8").read()
s = unicodedata.normalize("NFC", s)
print(len(s), len(enc.encode(s)))
```

நான்காம் வரி தேவையானது. ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரு குறியெண்களாகவும் சேமிக்கப்படலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அவ்வரி இவற்றை ஒருமைப்படுத்துகிறது. அளந்த அதே வடிவிலேயே நூலையும் உள்ளிட வேண்டும்.

பத்துப் பக்கங்களின் சராசரி 1,800 குறியெண், 810 டோக்கன் என்றும், மிகுதியான பக்கம் 1,000 டோக்கன் என்றும் அமைந்ததாகக் கணக்கின் பொருட்டுக் கொள்வோம். விகிதம் குறியெண்ணுக்கு 0.45. நூல் முழுவதற்கும் 240 × 810 = 1,94,400 டோக்கன் வேண்டும். சாளரம் முழுவதும் நூலுக்கு உரியதன்று. வினாவும், மாதிரி தரும் விடையும் அதே சாளரத்திற்குள் அமைய வேண்டும். அவற்றுக்கு 8,000 ஒதுக்கினால் எஞ்சுவது 1,20,000. இதனை 810ஆல் வகுத்தால் 148 பக்கம். உச்ச அளவாகிய 1,000ஆல் வகுத்தால் 120 பக்கம். ஆகவே விடை தனி எண்ணன்று. 120 முதல் 148 பக்கம் என்னும் வீச்சு. இந்நூலை இயல்முடிவில் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் 120 பக்கத்தை மிகாதவாறு இரண்டு முறையாக உள்ளிடுவது பாதுகாப்பானது.

மாதிரி மாறினால் விகிதமும் மாறும். பிற நிறுவனங்களின் மாதிரிகள் தத்தம் டோக்கனாக்கிகளைக் கொண்டவை என்பதால், ஒன்றில் பெற்ற 0.45ஐ மற்றொன்றுக்கு எடுத்தாளக் கூடாது.

பிழை நேரும் இடங்கள்

மாதிரிப் பக்கங்களுள் ஒன்றன் விகிதம் மற்றவற்றைவிட மிகையாக இருந்தால் உரையின் தூய்மையை ஐயுற வேண்டும். ஒளிவழி எழுத்துணரியால் பெற்ற உரையில் இடம் மாறிய உயிர்க்குறிகளும் சிதைந்த சொற்களும் இருப்பின், இயல்பான இணைப்புகள் பொருந்தாமல் டோக்கன் பெருகும். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகளின் நிலை வேறு. அவை கணினிக்கு இலத்தீன் எழுத்துக் குவியலாகவே தெரியும். டோக்கன் எண்ணிக்கை கிடைத்தாலும் அது தமிழின் அளவாகாது. அத்தகைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே அளக்க வேண்டும்.

அளவு மிகுந்தபோது நிகழ்வது பயன்படுத்தும் தளத்தைப் பொறுத்தது. சில தளங்கள் பிழைச்செய்தி தந்து நிறுத்திவிடும். சில உரையின் ஒரு பகுதியைக் கைவிட்டோ, வினாவுக்குத் தொடர்புடையதாகத் தோன்றும் பகுதிகளை மட்டும் எடுத்தோ விடை தரும். பின்னதே ஆய்வாளரை ஏமாற்றக்கூடியது. நூலின் முதலிலும் இடையிலும் இறுதியிலும் நூலோடு தொடர்பற்ற வெவ்வேறு குறிப்புத்தொடர்களைச் செருகி, அவை மூன்றையும் வரிசையாகக் கூறுமாறு கேட்டு இதைச் சோதிக்கலாம். ஒன்று விடுபட்டாலும் அவ்விடையை நம்பலாகாது. மூன்றும் கிடைத்தல் நூல் முழுவதும் உள்ளே சென்றமைக்கு உறுதியான சான்றன்று. நிரல்வழி அணுகும்போது விடையுடன் திரும்பும் உள்ளீட்டு டோக்கன் எண்ணிக்கையை முன் மதிப்பீட்டோடு ஒப்பிடுவதே உறுதியானது.

முடிவுரை

டோக்கன் அளவிலிருந்து பக்க அளவைப் பெற மூன்று எண்கள் வேண்டும்: பக்கத்தின் சராசரிக் குறியெண்கள், குறியெண்ணுக்கான டோக்கன் விகிதம், வினா விடைக்கான ஒதுக்கீடு. முதலிரண்டும் ஆய்வுக்குரிய நூலின் பக்கங்களிலிருந்தும் பயன்படுத்தும் மாதிரியின் டோக்கனாக்கியிலிருந்தும் பெறப்பட வேண்டியவை. சூழல் சாளரத்தின் துணைகொண்டு எழுதும் ஆய்வேட்டில் மாதிரியின் பெயரோடு, உள்ளிட்ட டோக்கன் எண்ணிக்கையும் நூலைப் பிரித்த முறையும் குறிக்கப்படுமாயின், ‘இந்நூலில் இல்லை’ என்னும் கூற்றைப் பிறர் சரிபார்க்க வழி ஏற்படும்.