திங்கட்கிழமை திரும்பி வருகிறவருக்கு

அன்புள்ள நித்யா,

மகப்பேறு விடுப்பு முடிந்து கணக்குப் பிரிவுக்குத் திரும்பும் அக்காவுக்கு நீ எழுதிய மெயிலைப் பார்த்தேன். 'நீண்ட ஓய்வுக்குப் பின் புத்துணர்ச்சியோடு' என்ற வரியை முதலில் அடித்துவிடு. கைக்குழந்தைக்காரிக்கு ஓய்வு ஏது?

ஞாயிறு இரவு அனுப்பாதே, ஒரு வாரம் முன்னாலேயே போகட்டும். ஆறு மாதம் திறக்காத ஆபீஸ் மெயில் முடங்கியிருக்கலாம். அவருடைய சொந்த முகவரிக்கு அனுப்பு. பாஸ்வேர்டு, நுழைவு அட்டை, உட்காரும் இடம் மூன்றும் தயாரா என்று நேரில் போய்ப் பார்த்த பிறகே 'எல்லாம் தயார்' என்று எழுது. நான் திரும்பிய அன்று என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. செக்யூரிட்டி உள்ளே விட்டார். போனால் என் நாற்காலியில் ஒரு பையன். அவன் பதறி எழுந்ததில் எனக்குத்தான் கூச்சமாகப் போயிற்று.

மாற்றங்கள் என்று பதினான்கு எழுதியிருக்கிறாய். கேன்டீன் காண்டிராக்டர் மாறியதை அவர் மதியம் சாப்பிடும்போது தெரிந்துகொள்வார். 'என் வேலை இப்போது யாரிடம்?' என்பதுதான் அவர் மனதில் ஓடும் கேள்வி. இப்படி எழுதிப் பார்: 'சப்ளையர் பில்களை ரமேஷ் பார்த்து வருகிறார். முதல் இரண்டு வாரம் இருவரும் சேர்ந்து பாருங்கள். இந்த மாதக் கணக்கை அவரே முடிப்பார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பில்கள் உங்களிடம் வந்துவிடும்.' அந்தத் தேதியை விட்டுவிடாதே. தேதி இல்லாத தற்காலிக ஏற்பாடு அப்படியே நிரந்தரமாகிவிடும், ரமேஷ் நல்லவராகவே இருந்தாலும்.

'எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்' என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். உரிமையாக உள்ளதை நீயே சொல்லிவிடு. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தரச் சட்டம் சொல்கிறது. அவர் பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே விடுப்பில் போனவர். 26 வாரத்தில் அது போக மீதி இருபது; ஆக, குழந்தைக்கு இப்போது நாலரை மாதம். இன்னும் பத்து மாதத்துக்கு மேல் இந்த இடைவேளை உண்டு. எந்த மாதம்வரை என்று மெயிலிலேயே குறிப்பிடு.

உங்கள் ஆபீஸில் ஐம்பது பேருக்கு மேல் இருப்பதால் குழந்தைக் காப்பக வசதியும் இருந்தாக வேண்டும். அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வரலாம். வழக்கமான இடைவேளையும் அதில் அடங்கும். பால் எடுக்க அறை இருக்கிறது என்று எழுதுமுன் போய்ப் பார்: உள்ளே தாழ்ப்பாள், ப்ளக் பாயின்ட், பக்கத்தில் ஃப்ரிட்ஜ். ஓரிடத்தில் 'தாய்மார் அறை' என்று காட்டியதைத் திறந்தால், உடைந்த பிரிண்டரும் பழைய ஃபைல்களும்தான் இருந்தன.

வீட்டிலிருந்து வேலை செய்வது சட்டப்படி இரு தரப்பும் பேசி முடிவுசெய்ய வேண்டியது, வேலையின் தன்மையும் இடம்கொடுக்க வேண்டும். மேனேஜரைக் கேட்காமல் நீ வாக்குக் கொடுத்துவிடாதே.

சிசி-யில் மொத்த டீமையும் சேர்த்திருக்கிறாய். பால், இடைவேளை எல்லாம் அவர்கள் படிக்க வேண்டாம், எடுத்துவிடு. திருத்தி இன்றே அனுப்பு, சாயங்காலம் பார்க்கிறேன்.

அன்புடன்,
சித்தி