புள்ளி தெரிகிறதா? படத்தில் பெயர் பதிப்பவர்களுக்கு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் எடுத்த மகாவலிக் காலைப் படம் ஒன்று. அகலம் 2048 பிக்சல், உயரம் 1365. அதில் ‘மலைச்சாரல் ஸ்டூடியோ’ என்று பெயர் பதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த எழுத்துரு?

கல்யாண அட்டைக்குப் போடும் மெல்லிய, வளைந்த எழுத்துகளை முதலில் ஒதுக்குங்கள். பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் படத்தைச் சுருக்கும்போது முதலில் கரைவது மெல்லிய கோடுகள்தான். தமிழில் அதற்கும் முன்னால் புள்ளி போய்விடும். ‘ச்’, ‘ல்’ இரண்டும் புள்ளி இழந்தால் உங்கள் பெயரே வேறாகிவிடும். ஆகவே கோட்டின் தடிமன் எங்கும் ஒரே அளவாகவும் புள்ளி பெரிதாகவும் உள்ள எழுத்துரு வேண்டும். கட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவசம். பல தடிமன்களில் கிடைக்கின்றன. மீடியம் அல்லது செமிபோல்ட் போதும். மிகத் தடித்ததில் ‘ஸ்டூ’வின் உள்வெளிகள் அடைபட்டு எழுத்து திட்டாகிவிடும்.

அளவைக் கைபேசியை வைத்தே கணக்கிடுங்கள். நிமிர்த்திப் பிடித்த திரையின் அகலம் ஏறக்குறைய 7 சென்றிமீற்றர். அதில் 2048 பிக்சலும் அடங்கும்போது, 60 பிக்சல் உயர எழுத்து 2 மில்லிமீற்றராகத் தெரியும். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

பலர் மெல்லிய எழுத்தை எடுத்து, அது தெரியவில்லையென்று முழு வெள்ளையாக்குகிறார்கள். படம் கெடுவது அங்கேதான். தடிமனைக் கூட்டி, ஒபாசிட்டியை 50 முதல் 60 வீதத்துக்குக் குறைத்தால் பெயரும் நிற்கும், ஆறும் தெரியும். காலைப் பனியில் வெள்ளை எழுத்து மறைந்துபோகும். அதற்குக் கறுப்பு நிழலைத் தூரம் 0, அளவு 5 பிக்சல், 40 வீதம் என்று வையுங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய விளிம்பாக நிற்கும். இரவுப் பெரஹரா படத்துக்கு நிழலே தேவையில்லை. அந்த இருட்டில் 40 வீத வெள்ளையே பளிச்சென்று தெரியும்.

இடமும் முக்கியம். மகாவலிப் படத்தை இன்ஸ்டகிராமுக்காக நடுவைப் பிடித்து 4:5 ஆக வெட்டினால் இரு பக்கமும் 478 பிக்சல் போய்விடும். மூலையில் வைத்த பெயர் அதோடு போகும். வெறும் வானத்தில் வைத்தாலோ எவரும் நொடியில் அழித்துவிடுவார்கள். கீழ்ப்பகுதியின் நடுவில், நீரலை ஓடும் இடத்தில் வைப்பதே என் தெரிவு.

எவ்வளவு கவனமாக வைத்தாலும் நீர்க்குறியை அழிக்க முடியும். ஆனாலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே படத்தின் உரிமை எடுத்தவருக்கு உண்டு. அதை நிரூபிக்கப் பெயரில்லாத மூலக்கோப்பைப் பத்திரப்படுத்துங்கள்.

வெளியிடுமுன் படத்தை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பி, அவருடைய கைபேசியில் பாருங்கள். புள்ளிகள் தெரியாவிட்டால் எழுத்துருவை மாற்றுங்கள்.