எல்லா சைஸும் உண்டு என்று எழுதாதே

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் குடையும் ரெயின்கோட்டும் விற்றே எனக்குத் தலை நரைத்துவிட்டது. முன்பெல்லாம் கடை வாசலில் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதுவேன். இப்போது அந்தப் பலகையின் வேலையைக் கடை போனின் ஸ்டேட்டஸ் செய்கிறது. போன அக்டோபரில் என் தங்கை மகன் முதன்முதலாக ஒன்று எழுதிப் போட்டான்: “மழைத்துளிகளை ரசிக்க நாங்கள் இருக்கிறோம்! தரமான குடைகள், ரெயின்கோட்டுகள். எல்லா சைஸும் உண்டு. விலைக்கு மெசேஜ் பண்ணவும்.” அன்று முழுக்க போனில் வந்த கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்தேன். பாதிக்கு மேல் விலை கேட்டவர்கள். மீதிப் பேர் அளவு கேட்டார்கள். மழைத்துளியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் புதிதாகக் கடை போட்டிருக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்.

1. முதல் வரியிலேயே பொருளும் விலையும் வந்துவிட வேண்டும். படத்துக்குக் கீழே முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும். மிச்சத்தைப் படிக்க விரலால் தட்ட வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு நிற்பவர் தட்டமாட்டார்.

2. குடையின் அளவை எழுதுமுன் டேப்பை எடுத்து நீயே அள. குடையில் 21, 23 என்று போட்டிருப்பது உச்சியிலிருந்து ஓரம் வரை ஓடும் கம்பியின் நீளம், அங்குலக் கணக்கில். விரித்த குடையின் அகலம் அது இல்லை. சில வியாபாரிகள் அதையே இரட்டித்து 42 என்று போடுகிறார்கள். அதுவும் பொய்யில்லை, வளைவின் மேலேயே டேப்பை ஓட்டினால் அவ்வளவு வரும். ஆனால் குடை வளைந்திருப்பதால் கீழே நேர்க்கோட்டில் அளந்தால் குறைந்துவிடும். 21 அங்குலக் குடைக்குக் குறுக்கே மூன்று அடியும் சொச்சமும்தான் கிடைக்கும். ஒருவர் நனையாமல் போகலாம், தோளில் பை இருந்தால் பை நனையும். “42” என்று படித்துவிட்டு மனைவியோடு சேர்ந்து பிடிக்கலாம் என்று வாங்குகிறவர் மறுநாள் திரும்பி வருவார். அதனால் கம்பி நீளத்தை எழுது, பக்கத்திலேயே “ஒருவருக்கு” என்று எழுது. நீளக் கைப்பிடி வைத்த 27 அங்குலக் குடைக்கு “இருவருக்கு” என்று போடலாம். மூன்று மடிப்பா, மடங்காததா என்பதும் வேண்டும், ஏனென்றால் ஆபீஸ் போகிற பெண்கள் கேட்கும் முதல் கேள்வி அது கைப்பைக்குள் போகுமா என்பதுதான்.

3. ரெயின்கோட்டில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். எல் என்ற எழுத்து ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு அளவு. சரி, அங்குலத்தில் எழுதலாம் என்று ஒரு வருஷம் “மார்பு 48” என்று போட்டேன். அது கோட்டின் சுற்றளவு. படித்தவர்கள் தங்கள் மார்பளவு என்று எடுத்துக்கொண்டார்கள். 40 அளவுச் சட்டை போடுகிறவர் “48 எனக்குத் தொளதொள என்று இருக்கும்” என்று சொல்லி எம் வாங்கிப் போய், பைக்கில் உட்கார்ந்ததும் பேன்டின் பின்பக்கத் தையல் பிரிந்து வந்து நின்றார். தப்பு என்னுடையதுதான், மாற்றிக் கொடுத்தேன்.

ரெயின்கோட் சட்டைக்கு மேல் போடுவது. கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தால் கோட்டின் கை மேலே ஏறும். முழங்காலை மடக்கினால் பேன்ட் ஒரு சாண் உயர்ந்து, சாக்ஸ் நனையும். அதனால் வாங்குகிறவருக்குத் தெரிந்த அளவிலிருந்து தொடங்கு: “உங்கள் சட்டை 40 என்றால் எல். பைக் ஓட்டுபவர் என்றால் எக்ஸ்எல்.” இந்த இரண்டு வாக்கியத்தைப் போட்டபின் எனக்கு மாற்றிக் கேட்டு வருவது நன்றாகவே குறைந்தது. குழந்தைகளுக்கு வயதை மட்டும் போடாதே, உயரத்தைப் போடு. ஸ்கூல் பையோடு சேர்த்துப் போடலாமா என்பதையும் சொல்.

இதிலேயே இன்னொன்று. தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தால்தான் “தண்ணீர் புகாது” என்று எழுது. துணி எவ்வளவு நல்லதானாலும் ஊசித் துளை வழியாக நீர் இறங்கும். சந்தேகமாக இருந்தால் பேன்டைத் தொட்டில் மாதிரி பிடித்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார். அடியில் சொட்டினால் “சிறு தூறலுக்கு” என்று எழுதி விலையையும் அதற்கேற்ப வை.

4. இருப்பை அளவு வாரியாகச் சொல், மணியோடு சொல். நாற்பது செட் வாங்கி வைத்தால் முதல் பெருமழையன்றே எல்லும் எக்ஸ்எல்லும் பறந்துவிடும். சாயங்காலம் கையில் இருப்பதெல்லாம் எம். எண்ணிப் பார்த்தால் பத்து செட் இருக்கும், “ஸ்டாக் உள்ளது” என்பதும் உண்மை போலவே இருக்கும். அதை நம்பி ஒருவர் தாம்பரத்திலிருந்து ரயிலேறி டபுள் எக்ஸ்எல் தேடி வந்தார். மழையில் வந்து வெறுங்கையோடு திரும்புகிறவரின் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும். இல்லாததை இல்லை என்றே எழுது, எப்போது வரும் என்றும் எழுது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும், சரக்கு அதுவரை நிற்காது. தீர்ந்த நிமிஷமே அழித்துவிட்டுப் புதிதாகப் போடு.

5. “₹350 முதல்” என்ற சொல்லை நான் தொடுவதில்லை. படத்தில் இருப்பது ₹620 குடையாக இருக்கும், 350 ரூபாய்க் குடை மூலையில் மூட்டையில் கிடக்கும். படத்தில் எது இருக்கிறதோ அதன் விலை. டெலிவரி உண்டென்றால் அதன் கூலி தனி வரியில். மழை வலுத்ததும் விலையை ஏற்றலாமா என்று பையன் கேட்டான். அட்டையில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம், வரியெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அதற்குக் கீழேயும்கூட, காலையில் 380 என்று போட்டுவிட்டு மாலையில் 430 கேட்டால் காலை ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவார்கள். 379 போன்ற விலையும் வேண்டாம். ஈரக் கையில் ஒரு ரூபாய் சில்லறையை யார் தேடுவது?

6. சென்னையில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். முதல் பதிவு அதற்குப் பத்து நாள் முன்பே போகட்டும், அப்போதுதான் எல்லா அளவும் உண்மையிலேயே கையில் இருக்கும். ரெட் அலர்ட் நாளில் போட்டுப் பயனில்லை, வாங்க யாரும் வெளியே வரமாட்டார்கள்.

7. பையனும் நானும் உட்கார்ந்து திருத்தியது இது:

“மூன்று மடிப்புக் குடை ₹380. கம்பி 21 அங்குலம், ஒருவருக்கு, கைப்பைக்குள் போகும்.
நீளக் குடை ₹620. கம்பி 27 அங்குலம், இருவருக்கு.
பைக் ரெயின்கோட், சட்டையும் பேன்டும் ₹1,150. சட்டை 40 என்றால் எல், பைக் ஓட்டினால் எக்ஸ்எல்.
இன்று காலை 9 மணிக்கு இருப்பு: எம் 8, எல் 5, எக்ஸ்எல் 2. டபுள் எக்ஸ்எல் இல்லை, வியாழன் வரும்.
படத்தில் உள்ள நீலம் மட்டும். போன் செய்தால் மாலை 6 வரை எடுத்து வைப்போம்.”

அழகாக இல்லை என்றான். அன்று மதியத்துக்குள் எக்ஸ்எல் இரண்டும் போய்விட்டன, ஸ்டேட்டஸை அழித்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

8. போட்ட ஒவ்வொரு இருப்பு வரியையும் ஒரு நோட்டில் எழுதி வை. ஜனவரியில் அதைப் புரட்டினால் எந்த அளவு எந்த நாளில் தீர்ந்தது என்று தெரியும். என் நோட்டில் எம் எப்போதும் மீந்தது. அதைப் பார்த்துத்தான் இந்த வருஷம் நாற்பது செட்டில் எம்மை ஆறாகக் குறைத்து, எக்ஸ்எல்லைப் பதினாறாக்கி ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.