கண்டூரில் இருந்த முஸ்லிம்கள்: ஒரு பழைய ஆவணத்தை வாசிக்கும் முறை

நம் பகுதியிலிருந்து கல்லூரிக்குப் போய் பி.ஏ. வரலாறு படிக்கும் பிள்ளைகள் தடுமாறும் ஒரு கேள்வி உண்டு. பழைய நூலின் ஒரு பகுதியைக் கொடுத்து, ‘இதன் சார்பை ஆராய்க’ என்று கேட்பார்கள். பலரும் ‘ஆசிரியர் ஒருதலையாக எழுதியுள்ளார், எனவே நம்ப இயலாது’ என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி பதில்தான். சார்புள்ளவரிடமிருந்தும் உண்மையை வாங்கலாம். அதற்கு நம் தமிழ்நாட்டைப் பற்றிய ஓர் ஆவணத்தையே எடுத்துக்கொள்வோம்.

1311-இல் டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் பாண்டிய நாட்டின் மீது படையெடுத்தார். அதை ‘கஸாயினுல் ஃபுதூஹ்’ என்ற பாரசீக நூலில் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதினார். அதில் சொல்லப்படுவது சுருக்கமாக இது: வீரபாண்டியனைத் தேடிப் படை கண்டூர் என்ற ஊருக்கு வந்தது. (திருவரங்கத்துக்கு அருகிலுள்ள கண்ணனூரே இது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.) அங்கே பாண்டியனின் குடிகளாகச் சில முஸ்லிம்கள் இருந்தனர். அவர்கள் பாதி இந்துக்கள், மார்க்க ஒழுங்கு இல்லாதவர்கள். தண்டனைக்கு உரியவர்கள்தான் என்றாலும், கலிமா சொல்லத் தெரிந்ததால் தளபதி அவர்களை மன்னித்து விட்டார்.

படிக்கும்போதே நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. கோபத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று கேட்போம். குஸ்ரு அலாவுதீனின் அரசவைக் கவிஞர். சுல்தானின் வெற்றிகளைப் புகழ்வதே நூலின் நோக்கம். படையோடு தெற்கே வந்து பார்த்தவர் அல்லர்; டெல்லிக்கு வந்த செய்திகளைக் கொண்டு அலங்கார நடையில் எழுதினார். ஆகவே ‘பாதி இந்துக்கள்’ என்பது டெல்லி அரண்மனையின் பார்வை. அந்த மக்களின் பேச்சும் பழக்கமும் அங்குள்ளவர்களுக்கு அந்நியமாகப்பட்டன என்பதற்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. அவர்களுடைய மார்க்க வாழ்க்கை எப்படியிருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஆனால் புகழ வந்தவருக்குத் தேவையே இல்லாத ஒரு செய்தி இடையில் நழுவி விழுந்திருக்கிறது. டெல்லிப் படை வருவதற்கு முன்பே, தமிழகத்தின் உள்பகுதியில், பாண்டியனின் கீழ் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள்! இதைக் கற்பனை செய்வதால் குஸ்ருவுக்கு எந்த லாபமும் இல்லை. வெற்றிக் கதைக்கு அது இடைஞ்சல்கூட. இப்படி நோக்கத்துக்கு வெளியே வந்து விழும் செய்திக்கு வரலாற்று மாணவர் கூடுதல் எடை கொடுக்க வேண்டும். வீரபாண்டியன் கடைசி வரை பிடிபடவில்லை, மழை வழியை மறித்தது என்று அவர் ஒப்புக்கொள்வதும் அதே வகைதான்.

அடுத்தது, வேறு சான்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், தகியுத்தீன் என்ற முஸ்லிம் பாண்டியனிடம் அமைச்சராக இருந்ததாக எழுதுகிறார். அரபு நாட்டுக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் இறங்கியதை மார்க்கோ போலோ சொல்கிறார். ஒருவர் ஈரானியர், மற்றவர் வெனிஸ்காரர். குஸ்ருவைப் பார்த்து எழுதியவர்கள் அல்லர். அதனால்தான் இவர்கள் சொல்வது துணையாக நிற்கிறது.

எண்கள் வரும் இடத்தில் வேறு வகைக் கவனம் வேண்டும். காபூர் கொண்டுபோனவை 512 யானை, 5,000 குதிரை, 500 மணங்கு ரத்தினம் என்கிறார் குஸ்ரு. ஏறத்தாழ 46 ஆண்டு கழித்து, 1357-இல் நூலை முடித்த பரணி, 612 யானை, 20,000 குதிரை, 96,000 மணங்கு தங்கம் என்கிறார். துவாரசமுத்திரத்தில் எடுத்ததையும் யார் சேர்த்து எண்ணினார் என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு எடையைப் போட்டுப் பாருங்கள். அக்கால டெல்லி மணங்கைப் பன்னிரண்டு கிலோ என்று குறைத்து வைத்தாலும் தங்கம் மட்டும் 1,100 டன்னைத் தாண்டுகிறது. இன்று நம் ரிசர்வ் வங்கியின் மொத்தத் தங்கமே ஏறத்தாழ 880 டன்தான். யானைக் கணக்கில் இருவரும் ஓரளவு நெருங்கி வர, தங்கம் மட்டும் இப்படி ஏறி நிற்கிறது. பரணியின் அந்த எண்ணைத் தேர்வில் உண்மையாக எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதிகளை அவர்கள் பெரும்பாலும் எலியட், டவ்சன் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள். முஸ்லிம் ஆட்சியை விட ஆங்கில ஆட்சி மேலானது என்று காட்டுவதைத் தன் நோக்கமாக எலியட் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார். எதை மொழிபெயர்ப்பது, எதை விடுவது என்பதில் அந்த நோக்கத்துக்குப் பங்கு உண்டு. 1931-இல் பேராசிரியர் முகம்மது ஹபீப் குஸ்ருவின் நூலைத் தனியாக மொழிபெயர்த்தார். கண்டூர்ப் பகுதியை இரண்டிலும் அருகருகே வைத்துப் படித்து, சொற்கள் எங்கே மாறுகின்றன என்று பென்சிலால் குறித்து வரட்டும்.