எண் நிற்கும் இடம்

மாணவர்களே, 'பல்' என்னும் சொல்லில் லகரத்தின் மேலுள்ள புள்ளி விடுபட்டால் அது 'பல' என்றாகிவிடும். புள்ளி சிறியது, ஆயினும் அது இல்லையேல் சொல்லின் பொருளே மாறிவிடும். எண்களுக்கும் இத்தகைய நிலை உண்டு. ஒரே இலக்கம் வரியில் நின்றால் ஒரு பொருளும், சற்று மேலே நின்றால் வேறொரு பொருளும், சற்றுக் கீழே நின்றால் மற்றொரு பொருளும் தரும். மேலே சிறியதாக நிற்பதை மேற்குறி என்றும், கீழே சிறியதாக நிற்பதைக் கீழ்க்குறி என்றும் கூறுவர்.

ஒரு வகுப்பு மாணவி சுவரிதழுக்காக எழுதிய கட்டுரையைக் கொண்டு இதனை அறிவோம். அவள் வீட்டுக் கணினியில் பின்வருமாறு தட்டச்சுச் செய்திருந்தாள்:

"ஹைட்ரஜன் தனித்ததொரு வாயு என்பதைக் காவெண்டிஷ் 1766¹ஆம் ஆண்டில் விளக்கினார். இவ்வாயு எரியும்போது நீர் உண்டாகிறது: 2H₂ + O₂ → 2H₂O."

1766ஐ அடுத்து மேலே நிற்கும் 1 என்பது அடிக்குறிப்பு எண். 'ஹைட்ரஜன் என்னும் பெயருக்கு நீரை உண்டாக்குவது என்பது பொருள்' என்று பக்கத்தின் அடியில் அவள் குறிப்பும் எழுதியிருந்தாள். பின்னர் அந்தப் பகுதியை நகலெடுத்துச் செய்திப் பெட்டியில் ஒட்டித் தோழிக்கு அனுப்பினாள். தோழி அதை அப்படியே அச்சிட்டுச் சுவரில் ஒட்டினாள். மறுநாள் சுவரிதழில் காணப்பட்டது இது:

"ஹைட்ரஜன் தனித்ததொரு வாயு என்பதைக் காவெண்டிஷ் 17661ஆம் ஆண்டில் விளக்கினார். இவ்வாயு எரியும்போது நீர் உண்டாகிறது: 2H2 + O2 → 2H2O."

காவெண்டிஷ் இன்னும் பிறக்கவே இல்லை என்று மாணவர்கள் நகைத்தனர். அம்மாணவி ஓர் எழுத்தையும் பிழையாகத் தட்டவில்லை. பின் பிழை எங்கே நேர்ந்தது?

சொற்செயலியில் நாம் ஓர் இலக்கத்தை மேற்குறியாக்கும்போது அந்த இலக்கம் மாறுவதில்லை. '1' என்னும் எழுத்து '1' ஆகவே இருக்கிறது. 'இதனை உயர்த்திச் சிறிதாகக் காட்டுக' என்னும் கட்டளை மட்டுமே அதனுடன் சேர்கிறது. வெறும் எழுத்துகளை மட்டும் ஏற்கும் பெட்டியில் ஒட்டும்போது எழுத்து போய்ச் சேரும். கட்டளை வழியிலேயே உதிர்ந்துவிடும். ஆகவே 1 வரிக்கு இறங்கி 1766உடன் ஒட்டிக்கொண்டது.

பிழையைக் கண்ட மாணவி, கோப்பில் உள்ள எல்லா 2களையும் 'தேடி மாற்று' வசதியால் ஒரே முறையில் கீழ்க்குறியாக்கினாள். விளைவு ₂H₂ + O₂ → ₂H₂O என்றாயிற்று. இது முன்னதினும் பெரிய பிழை. வாய்பாட்டின் முன் வரியில் நிற்கும் 2 மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். அதற்குக் கெழு என்பது பெயர். H ஐ அடுத்துக் கீழே நிற்கும் 2, ஒரு மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். 2H₂O என்பது இரண்டு நீர் மூலக்கூறுகள். அவற்றில் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. அம்பின் இடப்புறத்திலும் அவ்வாறே நான்கும் இரண்டும் இருத்தலால் சமன்பாடு சரியாகிறது. கெழுவைக் கீழே இறக்கினால் இவ்வாறு எண்ணிப்பார்க்க வழியில்லாமல் போகும்.

அணுக்களின் எண்ணிக்கை தொடக்க முதலே கீழே எழுதப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடுகளை வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் அதனை மேலே எழுதினார். பின்னரே அது கீழே எழுதும் வழக்கமாயிற்று. இன்று வாய்பாட்டின் வல மேற்புறம் மின்சுமைக்கு உரிய இடம். சல்பேட் அயனியை SO₄²⁻ என்று எழுதுகிறோம். கீழுள்ள 4 ஆக்சிஜன் அணுக்களையும், மேலுள்ள 2⁻ இரண்டு எதிர் மின்சுமையையும் காட்டும். ஆகவே வாய்பாட்டை ஒட்டி அடிக்குறிப்பு எண்ணை வைத்தல் கூடாது. வைத்தால் படிப்பவர் அதனை மின்சுமை என்று மயங்குவர். ஆண்டு, அளவு முதலிய எண்களை ஒட்டியும் வைத்தல் கூடாது. அங்கே அது அடுக்கெண் போலத் தோன்றும். 10² என்பது நூறா, பத்தும் ஓர் அடிக்குறிப்புமா என்று யார் அறிவர்? குறிப்புக்குரிய சொல்லின் பின்னோ, தொடரின் முற்றுப்புள்ளிக்குப் பின்னோ வைப்பதே தக்கது.

இனி அக்கட்டுரையைத் திருத்துவோம்.

முதலாவதாக, ஒவ்வோர் இலக்கத்தின் பணியையும் கேட்க வேண்டும். 1766 ஆண்டு, அது வரியில் நிற்கும். அதனை ஒட்டிய 1 அடிக்குறிப்பு. அது மேலே செல்லும். H2, O2 ஆகியவற்றின் பின்னுள்ள 2கள் அணுக்களின் எண்ணிக்கை. அவை கீழே செல்லும். முன்னுள்ள 2கள் கெழு; அவை வரியிலேயே நிற்கும்.

இரண்டாவதாக, கீழே செல்ல வேண்டிய இலக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து விசைகளை அழுத்த வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் கீழ்க்குறிக்கு Ctrl + =, மேற்குறிக்கு Ctrl + Shift + =. லிப்ரேஆபீஸ் ரைட்டரில் கீழ்க்குறிக்கு Ctrl + Shift + B, மேற்குறிக்கு Ctrl + Shift + P. அதே விசைகளை மீண்டும் அழுத்தினால் பழைய நிலை திரும்பும். அடுத்த எழுத்தைத் தட்டுமுன் அவ்வாறு செய்ய மறந்தால், தொடரும் சொற்களும் சிறுத்துக் கீழேயே ஓடும்.

மூன்றாவதாக, அடிக்குறிப்பு எண்ணைக் கையால் தட்டாமல், அடிக்குறிப்பு சேர்க்கும் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். இடையில் புதிய குறிப்பு ஒன்றைச் சேர்த்தால் பின்வரும் எண்கள் தாமே மாறும். கையால் தட்டியவை மாறா. மேலே 3 என்றும் கீழே 4 என்றும் நிற்கும்.

திருத்திய வடிவம்:

"ஹைட்ரஜன் தனித்ததொரு வாயு என்பதைக் காவெண்டிஷ் 1766ஆம் ஆண்டில் விளக்கினார்.¹ இவ்வாயு எரியும்போது நீர் உண்டாகிறது: 2H₂ + O₂ → 2H₂O."

செய்திப் பெட்டி வழியாகவே அனுப்ப நேர்ந்தால் என் செய்வது? யூனிகோடு எழுத்துத் தொகுதியில் ¹, ², ₂, ₄ போன்றவை தனி எழுத்துகளாகவே உள்ளன. அவற்றின் உயரம் எழுத்திலேயே அமைந்திருத்தலால் நகலெடுத்தாலும் இறங்குவதில்லை. ஆயினும் இரண்டு குறைகள் உண்டு. சில எழுத்துருக்களில் அவை இல்லாமையால் வெற்றுக் கட்டம் தோன்றலாம். H2O என்று தேடினால் H₂O அகப்படாமலும் போகலாம். ஆகவே கோப்பில் சொற்செயலியின் கட்டளையையும், செய்திப் பெட்டியில் தனி எழுத்துகளையும் பயன்படுத்துக. எவ்வழியாயினும் ஒட்டிய பின் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே அனுப்புக.

பயிற்சி

1. பின்வருவனவற்றில் மேற்குறியும் கீழ்க்குறியும் இட்டுத் திருத்தி எழுதுக: Ca(OH)2, CO32-, C12H22O11.

2. 2CO, CO₂ ஆகிய இரண்டிலும் வரும் 2 எவ்வெவற்றைக் குறிக்கிறது? இரண்டு தொடர்களில் விளக்குக.

3. "கடல் மட்டத்தில் நீர் 1002 பாகை செல்சியசில் கொதிக்கும்." இத்தொடரில் பிழை நேர்ந்த விதத்தைக் கூறி, அடிக்குறிப்பு எண்ணைத் தக்க இடத்தில் அமைத்து எழுதுக.

4. உன் அறிவியல் குறிப்பேட்டிலிருந்து ஒரு சமன்பாட்டைத் தட்டச்சுச் செய்து, செய்திப் பெட்டியில் ஒட்டிப் பார். மாறிய இலக்கங்களைப் பட்டியலிடுக.